லிஃப்ட் நடுவுல நின்னா

திங்கட்கிழமை சாயங்காலம் நண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். ஷூவைக் கழற்றவில்லை. பையை இறக்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய், அலமாரி மேலிருந்த ரேடியோவைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டான். வெங்காயத் தோலுக்கு நடுவே அவை விழுந்தன. பிறகு மூடியைச் சரியாகப் போட்டு, ரேடியோவை இருந்த இடத்திலேயே வைத்தான். கோபத்தில் எரிந்துகொண்டிருக்கும்போதும் ஒரு மூடியை ஒழுங்காகப் போடுகிற அந்தக் குணம் அவன் அப்பாவுடையது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடா இது?"

"உன் நாடகம் இனிமே இந்த வீட்டுல ஓடாது."

அவன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். கையும் காலும் சுருட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து அப்பா நண்டு என்றார். இப்போது பதினைந்து வயதில் அப்பாவைவிட அரைச் சாண் உயரம்; பெயர் மட்டும் வளரவில்லை. வீட்டுக்கு வெளியே யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் கொலை விழும். அம்மா வானொலி நிலையத்தில் தொடர் நாடகம் எழுதுகிறவள். அங்கே எல்லாருக்கும் அவள் வசனக்காரி. ஒரு அடுக்குமாடிக் குடும்பத்தின் கதை, சனிக்கிழமை தோறும் வந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக்.

விஷயம் பையன், நாடகம், லிஃப்ட் என்ற அந்த மூன்றும் சேர்கிற இடத்தில்தான் இருந்தது.

போன வாரத் தொடரில் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிப் பையனுக்குக் காதல் வந்துவிட்டது. மேல்மாடிப் பெண் லிஃப்டுக்கு வரும்வரை அவன் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். தலையில் தண்ணீர் தடவி வகிடு எடுத்தான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினான். கடைசியில் லிஃப்ட் வேலை பார்க்கிற மாமாவிடம் போய், "லிஃப்ட் நடுவுல நின்னா வெளிய வர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் 'பீய்ங்' என்று ஒரு ஊதல் சத்தம். மேல்மாடிப் பெண் கெக்கெக்கே என்று சிரித்ததோடு சரி.

"கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாத்து ஊதுறாங்க," என்றான் நண்டு. "பீய்ங், பீய்ங்னு. கணக்கு சார் வந்தப்பறமும் ஊதினாங்க. அவரும் சிரிச்சாரு."

"உன் பேரு எங்கடா வருது அதுல? அது கதை."

"ஊர்ல எத்தனை லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பையன் இருக்கான்?"

"அதுல மாமான்னுதானே எழுதியிருக்கேன்."

"ஓ, மாமாவா! மூஞ்சிய மறைக்கக் கைக்குட்டையைக் கட்டி விட்டுட்டே. பெரிய உதவி."

அவளுக்குச் சுருக்கென்றது. வலித்ததைவிட அந்த உவமை நன்றாக இருந்ததுதான் முதலில் பட்டது. தொழில் புத்தி. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்து, அந்த எரிச்சலை அவன்மேல் திருப்பினாள்.

"இப்ப என்ன, உலகமே இடிஞ்சு விழுந்துடுச்சா? உன் வயசுல எல்லாரும் பண்றதுதான். நாலு நாள் சிரிப்பாங்க, அஞ்சாம் நாள் மறந்துடுவாங்க."

"அவ படியில ஏறிப் போறா," என்றான் நண்டு. குரல் அந்த இடத்தில் இரண்டாக உடைந்தது. அவனுக்குக் குரல் உடைகிற வயது. கோபத்தில் உடைந்ததா வயதில் உடைந்ததா என்று அவனுக்கே தெரியாது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "அவ வீடு ஒன்பதாவது மாடி. இன்னிக்குக் காலையில படியில இறங்குனா. சாயங்காலம் படியில ஏறுனா. என்னைப் பாத்ததும் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டா."

அவன் அறைக் கதவு சாத்தப்பட்ட வேகத்தில் சமையலறைக் கரண்டிகள் ஆடின.

அப்பா வேலை முடிந்து வந்ததும் அவள் அவரிடம் பாய்ந்தாள். லிஃப்ட் பற்றிய அந்தக் கேள்வியை நிஜத்தில் நண்டு கேட்டது அப்பாவிடம்தான். அதைச் சாப்பாட்டு வேளையில் அவளிடம் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவரும் அவர்தான்.

"அவன் என்னை நம்பிக் கேட்டதை உன்கிட்ட சொன்னது தப்புதான்," என்றார். கையிலிருந்த கிரீஸ் போகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஆனா நான் சொன்னது உன்கிட்ட. நீ சொன்னது ஊருக்கு."

அவள் தட்டை நங்கென்று வைத்தாள்.

மறுநாள் வானொலி நிலையத்தில் எல்லாரும் குஷியாக இருந்தார்கள். தயாரிப்பாளருக்கு அங்கே வயலின் என்று பெயர். யார் செத்தாலும், யார் பிரிந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும்கூட ஒரு வயலின் போடச் சொல்வார். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"வசனக்காரம்மா, போன வாரம் போன் ஓயல. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதாம். இந்த வாரம் அப்படியே திருப்பிப் போடுவோம். அந்தப் பொண்ணு குடும்பத்தோட வேற ஊருக்குப் போறா. பையன் லிஃப்ட் கதவுகிட்ட நிக்கிறான். கதவு மூடுது. அப்ப..."

"வயலினா?"

"ரெண்டு வயலின்."

போன வாரம் அவனைப் பார்த்து ஊதினார்கள். இந்த வாரம் அவனைப் பார்த்து அழப்போகிறார்கள். இரண்டுமே அவனை மேலிருந்து குனிந்து பார்ப்பதுதான். ஊதலும் வயலினும் ஒரே கடையில் வாங்கிய சாமான்.

"இந்த வாரம் நான் வேற எழுதுறேன்," என்றாள்.

"நாளைக்கு மத்தியானம் பதிவு."

"தெரியும்."

"கண்ணீர் வருமா?"

"உங்களுக்கு வராது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். நண்டு வந்ததும், சமாதானம் பேசலாம் என்று நினைத்து, பெரிய தப்பு செய்தாள்.

"சரிடா. எதுக்காக அப்பாகிட்ட அப்படிக் கேட்டே? நீயே சொல்லு. சரியா எழுதிடறேன்."

அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வைத்தான்.

"மறுபடியும் எழுதணுமா உனக்கு?"

"இல்லடா, அதுக்கில்ல..."

"நான் அவளை லிஃப்டுல மாட்டி வைக்கக் கேட்டேன்னு நினைச்சே, இல்ல? நீயும் நினைச்சே, அப்பாவும் நினைச்சாரு, கணக்கு சாரும் நினைச்சாரு. அவளும் இப்ப அதைத்தான் நினைக்கிறா. அவளுக்கு லிஃப்டுன்னா பயம்மா! சின்ன வயசுல ஒரு தடவை மாட்டிக்கிட்டா. தனியா ஏற மாட்டா. யாராச்சும் வர்ற வரைக்கும் கீழே நோட்டீஸ் பலகையப் படிக்கிற மாதிரி நிப்பா. அந்தப் பலகையில ஒரே ஒரு நோட்டீஸ்தான் இருக்கு, தண்ணித் தொட்டி கழுவுறதைப் பத்தி. அதை எத்தனை தடவை படிப்பா? அதனாலதான் நான் லேஸ் கட்டுனேன். நான் பாட்டுக்கு நின்னா, அவளுக்காக நிக்கறேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா, பயந்தவன்னு நான் நினைக்கறேன்னு நினைப்பா. அதான்."

அவன் மூச்சு வாங்கினான்.

"ஏறினதும் கண்ண மூடிக்குவா. நம்பர் சொல்லிக்கிட்டே வருவா, உள்ளுக்குள்ள. உதடு மட்டும் அசையும். லிஃப்ட் நின்னா என்ன ஆகும்னு தெரிஞ்சா அவகிட்ட சொல்லலாம்னு அப்பாகிட்ட கேட்டேன். தெரிஞ்சா பயம் போகும்ல? அப்பா முழுசாச் சொன்னாரு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சேன். சொல்றதுக்குள்ள நீ ஊதிட்டே."

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதுல ஒரு வார்த்தை ரேடியோவுல வந்துச்சு," என்றான் நண்டு, "நான் இந்த வீட்டுல சாப்பிட மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"வராது."

"தலையில நான் தண்ணியும் தடவல. அது நீயாச் சேத்தது. கண்ணாடியெல்லாம் பாக்கவே முடியாது அப்ப. பாத்தா, இந்த மூஞ்சியோடயா போய்ப் பேசப்போறோம்னு வீட்டுலயே இருந்துடுவோம். அதுகூடத் தெரியாம நீயெல்லாம் எழுதறே."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது அவமானம். அது அடங்கினதும் அடியிலிருந்து கோபம் வந்தது. அந்தக் கோபம் நண்டின்மேல் இல்லை. அது இருபத்தைந்து வருடமாக அங்கேயே கிடந்த பழைய சரக்கு.

அவளுக்குப் பதினாலு வயது. டியூஷனில் அடுத்த பெஞ்சில் ஒரு பையன். அவன் அவளிடம் மொத்தமாகப் பேசியது, "பென்சில் இருக்கா?" என்ற ஒரு கேள்விதான். கொடுத்தாள். திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சீவிக் கொடுத்தான். பிளேடால், முனையை நீளமாக, தாளில் வைத்துத் தேய்த்துக் கூராக்கி. அவளிடமிருந்ததெல்லாம் ஷார்ப்னரில் சீவிய மொட்டைப் பென்சில்கள். அதற்குப் பிறகு அந்தப் பென்சிலால் எழுத முடியவில்லை. எழுதினால் முனை தேயும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. பெட்டியிலேயே இருந்தால் அவன் பார்த்து, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைப்பான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சொல்லை மட்டும் அதனால் எழுதினாள், அழுத்தாமல். ஒருநாள் வீட்டில் அவள் அம்மா அதை எடுத்து, பலசரக்குச் சீட்டு எழுதி, முனையை உடைத்துவிட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. சித்தப்பா எப்படியோ மோப்பம் பிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த அவளைக் காட்டி, "நம்ம பொண்ணு பென்சிலுக்குப் பட்டினி கிடந்தவ. பேனாவுக்கு என்ன பண்ணுவாளோ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையில் கரண்டி இருந்தது. அந்தக் கரண்டியால் சித்தப்பாவின் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சித்தப்பா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், சாப்பாட்டுப் பந்திக்குப் பதிலாக ஒலிபரப்பு நிலையத்தை வைத்துக்கொண்டு, என்று நினைத்தாள்.

பென்சில் கதையை எடுத்துக்கொண்டாள். அது அவளுடையது. அதை எழுத அவள் யாரையும் கேட்க வேண்டாம்.

முதலில் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். "அந்தப் பென்சிலின் கூர்மை அவள் இதயத்தில்" என்று ஒரு வரி. அடித்தாள். "இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது" என்று ஒரு வரி. அதையும் அடித்தாள். சிரிப்பு வருகிறது என்று சொல்கிறவள் சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பெண் தன்னைப் பார்த்துத் தானே கேலி செய்கிற இடங்களையெல்லாம் தேடித் தேடி அடித்தாள். பதினாலு வயதில் அவளுக்கு அதில் ஒன்றும் வேடிக்கையாக இல்லை. ஒரு பென்சிலை எப்படிக் காப்பாற்றுவது என்பது அன்றைக்கு மின்சாரக் கம்பியைத் தொடாமல் தாண்டுவது போன்ற பிரச்னை. அந்தப் பிரச்னையை அதே கவனத்தோடு எழுதினால் போதும். சிரிப்பு வந்தால் அதுவாக வரட்டும். அழுகை வந்தால் கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.

இன்னொன்றும் பிடிபட்டது. அந்த நாட்களில் அவள் பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன்மேல் கோபம். அவன் வராத நாளில் டியூஷன் மாஸ்டர்மேல் கோபம். அவன் வந்துவிட்டால், வந்து தொலைத்தானே என்று அவன்மேலேயே கோபம். காதலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பூவையும் நிலவையும் எழுதுகிறார்கள். இந்தப் பல்லைக் கடிக்கிறதை ஒருத்தரும் எழுதுவதில்லை. அவள் எழுதினாள். தொடரின் கடைக்குட்டிப் பையனை ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அவன் அக்காவுக்குப் பென்சிலைக் கொடுத்தாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சித்தப்பாவை உட்கார வைத்தாள். இந்தத் தடவை பெண் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதுல என்ன சிரிப்பு?" என்று கேட்டாள். அந்த வரியோடு நாடகத்தை முடித்தாள்.

மறுநாள் பதிவில் வயலினுக்கும் அவளுக்கும் சண்டை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வார்த்தை கேட்கவில்லை. வாய் அசைவும் கை அசைவும் மட்டும் தெரிந்தன.

"கடைசியில ஒண்ணுமே ஆகலியேம்மா! பையன் வந்தானா, போனானா?"

"பென்சில் உடைஞ்சுது."

"அது ஒரு சம்பவமா?"

"அவளுக்கு."

"கடைசி வரிக்குப் பின்னால ஒரே ஒரு வயலின். சன்னமா. எனக்காக."

"வயலின் வந்தா என் பேரை எடுத்துடுங்க. அடுத்த வாரத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினார். வேற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஊதலை வாசிக்கிற சத்தக்காரர் பிளேடும் பென்சிலும் எடுத்து வைத்திருந்தார். மைக் அருகே கொண்டுபோய்ச் சீவினார். சரக், சரக் என்று மெல்லிய சத்தம். "இது போதும். மேல எதுவும் போட்டா இது கேக்காது," என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார். வயலின் அவரை முறைத்தார்.

பிள்ளைகள் குரல் எல்லாவற்றையும் நாற்பது தாண்டிய ஒரு நடிகைதான் பேசுவாள். ஒத்திகையில் மூச்சு வாங்க, குரல் நடுங்கப் பேசினாள். வசனக்காரி உள்ளே போனாள்.

"அக்கா, இவ்வளவு வேண்டாம். அவளுக்கு வெளிய காட்டிக்கக் கூடாது. காட்டிக்கக் கூடாதுங்கறதுதான் அவளோட முழு நேர வேலையே."

நடிகை யோசித்தாள். பிறகு, "'பென்சிலைக் குடு'ங்கறதை, 'சோத்தைப் போடு'ங்கற மாதிரி சொல்லட்டுமா?" என்றாள்.

"அதேதான்."

தட்டையாக, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். பென்சில் சீவிக்கொண்டிருந்த சத்தக்காரரின் கை ஒரு கணம் நின்றது.

அன்று மாலை அவள் வீட்டில் இருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒன்பதாவது மாடிப் பெண். மருந்துக்கடைக்காரரின் மகள். ஒட்டவெட்டின தலை, முழங்காலில் பழைய காயத் தழும்பு, கையில் நனைந்த குடை. படியில் ஏறி வந்ததால் மூச்சிரைத்தாள். ஆனால் அவள் வந்தது நண்டுக்காக இல்லை.

"ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வாம்மா."

"வேண்டாம், இங்கயே கேக்கறேன். உங்க நாடகத்துல அந்தப் பொண்ணு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல? சிரிச்சிக்கிட்டே இருந்தா. பைத்தியமா அவ?"

ஊர் பூராவும் பையனைப் பார்த்துச் சிரித்தது. இந்தப் பெண்ணைப் பற்றி வசனக்காரியே நினைத்துப் பார்க்கவில்லை.

"தப்புதாம்மா. அவளுக்குப் பேச்சு எழுதாம விட்டது என் தப்பு."

"ஸ்கூல்ல என்னைப் பாத்து எல்லாரும் கெக்கெக்கேங்கறாங்க. நான் வாழ்க்கையில அப்படிச் சிரிச்சதே இல்ல." அவள் குடையைத் தரையில் குத்தினாள். "அவன் இருக்கானா?"

நண்டு அறை வாசலில் நின்றிருந்தான். காதுகள் சிவந்து, உதடுகள் வெளுத்து, இரண்டு காலிலும் வெவ்வேறு சாக்ஸோடு. இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு உடனே புரிந்தது, தான் அங்கே இருக்கக் கூடாது என்று. சமையலறைக்குப் போனாள். காது தானாகத் தீட்டிக்கொண்டது. அவளுடைய சாப்பாடே மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

"லிஃப்டை நிறுத்தச் சொல்லி உங்க அப்பாகிட்ட கேட்டியா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல."

"பொய் சொல்லாத."

"நின்னா என்ன ஆகும்னு கேட்டேன். நிறுத்தச் சொல்லல. ரெண்டும் வேற."

"எதுக்குக் கேட்டே?"

இதற்கு அவன் ஆயிரம் பதில் தயார் செய்து வைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. மனப்பாடம் செய்தது மட்டும் வந்தது.

"ஆறு கயிறு இருக்கு," என்றான். "எஃகுக் கயிறு. ஒண்ணு மட்டும் இருந்தாலே கூண்டைத் தாங்கும். ஆறும் ஒரே நேரத்துல அறுந்தாலும் கீழ விழாது. ரொம்ப வேகமா இறங்குனா மேல ஒரு சக்கரம் கண்டுபிடிச்சுடும். கூண்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் கவ்வற மாதிரி இரும்பு இருக்கு. தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். அசையாது. நடுவுல நின்னுச்சுன்னா காத்து தீந்துபோகாது. பெட்டி ஒண்ணும் சீல் வச்சது இல்ல, எல்லாப் பக்கமும் இடுக்கு இருக்கு. மணிய அழுத்திட்டு உக்காந்துக்கணும். கதவைத் தள்ளித் திறந்து குதிக்கப் பாக்கறதுதான் ஆபத்து. வேற எதுவும் ஆபத்து இல்ல."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதெல்லாம் எனக்கு ஏன் சொல்றே?"

"நீ நம்பர் எண்றே," என்றான். "ஏறும்போது. ஆறுல ஒரு தடவை நிறுத்திட்டு மறுபடியும் ஆறுன்னு சொல்வே."

தன்னை யாரோ இவ்வளவு கவனித்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. முகம் சுண்டியது.

"ஆறாவது மாடியிலதான் அப்ப மாட்டிக்கிட்டேன்," என்றாள் கோபமாக. "யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதை எழுத மாட்டாங்க."

"எழுதட்டும் பாக்கறேன்." அவள் திரும்பி நடந்தாள். படிப்பக்கம் போய் நின்று, திரும்பாமலே, "வர்றியா? இன்னும் அஞ்சு மாடி இருக்கு," என்றாள்.

அவன் சாக்ஸ் கால்களோடு ஓடினான். இரண்டு பேரும் படியேறினார்கள். அவள் முன்னால், அவன் இரண்டு படி பின்னால். பக்கத்தில் போனால் என்ன அர்த்தம், பின்னால் வந்தால் என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து இரண்டு படி என்று முடிவு செய்திருந்தான். ஏழாவது மாடியில் அவன் மூச்சு வாங்குவது கேட்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்தான். அது இன்னும் சத்தமாகக் கேட்டது. அவள் சிரித்தாள். கெக்கெக்கே என்று இல்லை. மூக்கிலிருந்து 'ஹுக்' என்று ஒரு சத்தம், பன்றிக்குட்டி மாதிரி. அவன் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் சிறந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தச் சக்கரத்துக்குப் பேரு என்ன?" என்று எட்டாவது மாடியில் கேட்டாள்.

"கவர்னர்."

"கவர்னரா?"

"ஆமா. வேகத்தைக் கட்டுப்படுத்தறதால."

"சும்மா சொல்றே."

"எங்கப்பாகிட்ட கேளு."

"கேப்பேன்," என்றாள். ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினாள். 'வரட்டுமா' இல்லை, 'நாளைக்குப் பார்ப்போம்' இல்லை. அவன் கீழே வரும்போது இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து, ஆறாவது மாடியில் ஒரு அர்த்தமும் ஐந்தாவதில் அதற்கு நேர் எதிரான அர்த்தமும் கண்டுபிடித்து, நாலாவது மாடியில் வீட்டுக்கு வந்தபோது மறுபடியும் கோபமாக இருந்தான்.

சனிக்கிழமை நாடகம் வந்தது. வீட்டு ரேடியோவில் பேட்டரி இல்லை. அவளும் புதிது வாங்கவில்லை. அப்பா கீழே காவல்காரரின் ரேடியோவில் நின்று கேட்டுவிட்டு வந்தார். "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நான்தான் அந்தச் சித்தப்பாவா?" என்று கேட்டார்.

"இல்ல. அது நிஜச் சித்தப்பா."

நிஜச் சித்தப்பா அரைமணியில் போன் செய்தார். எழுபது வயதிலும் அதே சிரிப்பு.

"ஏம்மா, அந்தப் பென்சில் பொண்ணு நீதானே? என்னையும் உள்ள இழுத்து விட்டுட்டியே! வீட்டுல எல்லாரும் கேட்டு ஒரே சிரிப்பு."

"ஆமா சித்தப்பா, நான்தான்," என்றாள். "ஆனா அன்னிக்கு நீங்க பண்ணது எனக்கு இன்னும் கோபம்தான். எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எனக்கு அதுல சிரிக்க ஒண்ணுமில்ல."

சித்தப்பா, "இத்தனை வருஷமாவா?" என்றார்.

"இத்தனை வருஷமா."

"அடிப்பாவி," என்றார் சித்தப்பா. பிறகு, "சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வைத்துவிட்டார். அவளுக்கு மனசு லேசாகவில்லை. ஆனால் ஒரு பழைய கல்லை இடம் மாற்றி வைத்தது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்டு எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். அவன் நாடகத்தைக் கேட்டிருந்தானா என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே, தட்டைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அவ கேட்டாளாம்."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதம்மா. அவளுக்குப் பரவாயில்லயாம். அந்தப் பொண்ணு பேசினது சரியாம். ஆனா அந்தப் பையன் ஏன் ஒண்ணுமே பேசலன்னு கேட்டா."

"அவன் நிஜத்துலயே பேசலடா."

நண்டு நிமிர்ந்தான். "அது நீயா?"

"ம்."

"அந்தப் பையன் பேரு என்ன?"

அவள் யோசித்தாள். அடுத்த பெஞ்ச் நினைவிருந்தது. பிளேடைப் பிடித்த விரல்கள் நினைவிருந்தன, கட்டைவிரலில் ஒரு மைக்கறை. பெயர் வரவில்லை.

"மறந்துபோச்சுடா."

"மறந்துபோச்சா?"

"இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுல்ல."

"சரி, அந்தப் பென்சில்? அது எங்க?"

"தெரியல. எங்கயோ தொலைஞ்சிருக்கும்."

ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு அவன் எழுந்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் இந்த வாரம் அவள் பார்த்த எல்லாக் கோபத்தையும் விடப் பெரிதாக இருந்தது.

"எப்படிம்மா மறக்க முடியும்?" என்றான். "பட்டினியெல்லாம் கிடந்தே. எப்படி மறந்தே?"

அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக் கட்டாமலே, கதவைத் திறந்து படிப்பக்கம் போனான். ஏறுகிற காலடிச் சத்தம் கேட்டது. வேகமாக, இரண்டிரண்டு படியாக.